பேசலாம் என்று எழுதிய பாலிசி

எங்கள் எம்.டி.க்கு இன்ஸ்டாகிராம் என்றால் உயிர். புது மெஷினுக்கு மாலை போட்டால் ஒரு வீடியோ, ஊழியருக்குப் பிறந்தநாள் கேக் வெட்டினால் இன்னொரு வீடியோ. அதே இடத்தில் ஊழியர் ஒருவர் தானாக வாயைத் திறந்தால் மட்டும் அவருக்கு ரத்தக் கொதிப்பு ஏறிவிடும். எங்களுடையது ரத்தப் பரிசோதனைக் கம்பெனி என்பதால் அதை அளந்து சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை.

மேற்கு டெல்லியிலும் பக்கத்து ஹரியானாவிலும் கிளைகள் உள்ள அந்த லேபில் நான் ஹெச்.ஆர். மேலாளர். அப்பா மத்திய அரசு வேலைக்கு டெல்லி வந்தவர். நான் ஜனக்புரியிலேயே வளர்ந்து, அங்கேயே குடித்தனமும் நடத்துகிறேன். ஆபீசில் இந்தி, ஈமெயிலில் ஆங்கிலம், கோபம் வந்தால் மட்டும் மனசுக்குள் தமிழ். அந்தக் கோடையில் நிறையத் தமிழ் பேசினேன்.

வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பவர்கள் எங்களிடம் பலர். விடியும் முன்பே ஸ்கூட்டரில் கிளம்புவார்கள். ஐஸ் வைத்த பெட்டியில் சாம்பிளைக் கொண்டுவந்து கிளையில் கொடுத்துவிட்டு அடுத்த அழைப்புக்குக் காத்திருக்க வேண்டும். காத்திருக்க இடம் கிடையாது. ஏ.சி. போட்ட கூடம் நோயாளிகளுக்கு மட்டும், யூனிஃபார்ம் போட்டவர் அங்கே உட்காரக் கூடாது என்று கிளைகளை நடத்தும் ஆபரேஷன்ஸ் தலைவர் உத்தரவு போட்டிருந்தார். அதனால் ஜூன் மாத அனல் காற்றில், மெட்ரோ தூணின் நிழல் எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கம் இவர்களும் நகர்ந்து உட்கார்ந்திருப்பார்கள்.

அவர்களில் ஒருத்தி தமிழ்ப் பெண். அவளும் டெல்லியில் பிறந்தவள்தான், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். மகன் ஜனக்புரி தமிழ்ப் பள்ளியில் படித்தான். காலைச் சுற்றை முடித்துவிட்டு, பள்ளி விடும் நேரத்துக்கு அவள் வாசலில் நிற்க வேண்டும். கணவன் வேலை பார்த்தது வேறு ஊரில். அந்த நேரக்கணக்கு ஒத்துவந்ததால்தான் அவளால் இந்த வேலையில் இருக்க முடிந்தது. அதை அவளே நேர்முகத் தேர்வில் என்னிடம் சொல்லியிருந்தாள்.

அவள் ஒரு வீடியோ போட்டாள். ஒரு நிமிஷம்கூட இல்லை. ஏ.சி. அறையில் வரிசையாகச் சாம்பிள் பெட்டிகள். கேமரா கண்ணாடிக் கதவைத் தாண்டி வெளியே வருகிறது. தூணடியில் துப்பட்டாவையும் துண்டையும் தலையில் போட்டுக்கொண்டு நாலைந்து பேர். இந்தியில் அவள் குரல் மட்டும் கேட்டது. "ரத்தத்துக்கு ஏ.சி., ரத்தம் எடுக்கிறவங்களுக்கு லூ." அவ்வளவுதான். லூ என்பது இந்த ஊரின் அனல் காற்று, அதற்குள் ஒரு நாள் நின்றவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. ஊர் முழுக்க அதைப் பகிர்ந்தது.

எம்.டி. என்னைக் கூப்பிட்டார். அவர் இந்தியில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

"இன்னிக்கே அவளை வெளியே அனுப்புங்க."

"எந்த விதியில அனுப்பறது சார்?"

பக்கத்தில் கம்பெனி வக்கீல் உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர் என்று சொல்ல மாட்டேன், கெட்டிக்காரர். "சோஷியல் மீடியா பத்தி உங்ககிட்ட எழுத்துல ஒரு விதியும் இல்லையே. இதை வச்சு அனுப்பினா லேபர் கோர்ட்டுல நாமதான் நிக்கணும்," என்றார்.

எம்.டி. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அப்போ பாலிசி எழுதுங்க மேடம். தேதியை மட்டும் ஏப்ரல்னு போட்டுடுங்க."

பிறக்காத பிள்ளைக்குப் பிறந்தநாள் கொண்டாடச் சொல்கிறார். நான் செய்ய மாட்டேன் என்றேன். நியாயம் பேசினால் அந்த அறையில் எடுபடாது என்று தெரியும், அதனால் வேறு காரணம் சொன்னேன். எங்கள் பாலிசிகள் எல்லாம் அட்டெண்டன்ஸ் ஆப்பில்தான் ஏறும், எந்த நாளில் ஏற்றினோம் என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். வக்கீல் தலையை ஆட்டினார். அது மட்டுமில்லை, ஒரு வெளிநாட்டு முதலீட்டாளர் எங்கள் கம்பெனியில் பங்கு வாங்கப் பேசிக்கொண்டிருந்தார். அவருடைய ஆட்கள் எங்கள் பாலிசிகளை எல்லாம் கேட்டிருந்தார்கள். "எழுதறதுன்னா ஒழுங்கா எழுதலாம் சார். வர்றவங்க படிப்பாங்க," என்றேன். முதலீட்டாளர் என்றதும் எம்.டி. முகம் தெளிந்துவிட்டது.

அன்று மாலை அவளைக் கூப்பிட்டுப் பேசினேன்.

"டிலீட் பண்ணச் சொல்லத்தான் கூப்ட்டீங்களா மேடம்?"

"இல்லம்மா. வீடியோவ நாலு தடவை பார்த்தேன். பேஷண்ட் யாரும் தெரியறாங்களா, டியூப்ல பேர் தெரியுதான்னு. ஒண்ணும் இல்ல."

"அது தெரியும் மேடம். பெட்டிய மூடி வச்சிட்டுதான் எடுத்தேன். நான் மத்லப்... அதாவது, கம்பெனியைத் திட்டவே இல்ல. உள்ளதச் சொன்னேன், அவ்ளோதான்."

"என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே?"

"ரெண்டு வருஷமா கம்ப்ளைண்ட் பாக்ஸ்ல போட்டோம் மேடம். அதோட சாவி யார்கிட்ட இருக்குன்னே யாருக்கும் தெரியல."

ஆபரேஷன்ஸ் தலைவரின் மேஜை டிராயரில் இருந்தது. மறுநாள் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பெட்டிக்குள் சீட்டுகளோடு மிட்டாய்க் காகிதங்களும் கிடந்தன.

பாலிசி எழுத ஒரு குழு வைத்தேன். தனியாக ஏ.சி. அறையில் உட்கார்ந்து எழுதினால் அது எம்.டி.யின் மனசாட்சியாக மட்டுமே இருக்கும், அதுவும் சின்னதாக. ரத்தம் எடுப்பவர்களிலிருந்து இருவர், ரிசப்ஷனிலிருந்து ஒருவர், லேப் டாக்டர் ஒருவர், மார்க்கெட்டிங் தலைவி, வக்கீல், நான். முதல் கூட்டத்தில் ஊழியர்கள் மூவரும் சமோசாவைத் தவிர எதிலும் வாய் வைக்கவில்லை. வக்கீலை வெளியே அனுப்பிய பிறகுதான் பேச்சு வந்தது.

அவர்கள் கேட்டது ரொம்ப எளிமையான கேள்விகள். டூட்டி முடிந்து வீட்டில் இருக்கும்போது போட்டால் அதுவும் குற்றமா? சம்பளம் லேட் என்று நண்பர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் புலம்பலாமா? நோயாளி தானே வந்து செல்ஃபி கேட்டால் எடுக்கலாமா? மேனேஜர் ஃபிரெண்ட் ரிக்வெஸ்ட் அனுப்பினால் ஏற்றே ஆக வேண்டுமா? இவற்றுக்கு விடை சொல்லாத பாலிசியை எழுதி என்ன பயன்? அந்தக் கேள்விகளையே உதாரணங்களாக வைத்து இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதினேன்.

கம்பெனியைக் காக்க வேண்டியதைக் கறாராக எழுதினேன். நோயாளியின் பெயர், முகம், ரிப்போர்ட், வீட்டு வாசல் எதுவும் எங்கேயும் வரக்கூடாது, செல்ஃபியும் கூடாது. ஒருவருக்குச் சர்க்கரை வியாதி என்பது பக்கத்து வீட்டுக்குத் தெரிந்தால் அது நாங்கள் செய்த துரோகம், இதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது. பாஸ்வேர்டு, வெளியிடாத டெண்டர் விலை, இவையும் கூடாது. கம்பெனி சார்பில் பேச இருவருக்குத்தான் அனுமதி. மற்றவர்கள் தங்கள் சொந்தக் கருத்து என்று சொல்லிப் பேச வேண்டும். சக ஊழியரை ஆபாசமாகவோ சாதி, மதம் சொல்லியோ தாக்கினால் நடவடிக்கை உண்டு. தெரிந்தே பொய் பரப்பினாலும் உண்டு.

பிறகு, எது அவர்களுடையது என்பதையும் அதே கறாரோடு எழுதினேன். சம்பளம், வேலை நேரம், வேலை செய்யும் இடத்தின் பாதுகாப்பு, வெயில், தண்ணீர், கழிப்பறை, இவற்றைப் பற்றி ஊழியர்கள் தங்களுக்குள்ளும் வெளியிலும் பேசலாம். யூனியனில் சேரலாம், அரசு அதிகாரிக்கு எழுதலாம். கம்பெனி யாருடைய பாஸ்வேர்டையும் கேட்காது, கம்பெனி பதிவைப் பகிரச் சொல்லிக் கட்டாயப்படுத்தாது. எந்த நடவடிக்கைக்கும் முன்னால் ஊழியரின் பதிலைக் கேட்க வேண்டும். பாலிசி வரும் முன்பு போட்ட பதிவுகளுக்கு இது பொருந்தாது. இவ்வாறு பேசியதற்காக யாரையும் பழிவாங்கக் கூடாது.

எம்.டி. பென்சிலோடு உட்கார்ந்தார். "கம்பெனியின் நற்பெயருக்குக் குந்தகம் விளைவிக்கும் எந்தப் பதிவும்னு ஒரு வரி போடுங்க. அது போதும், மத்ததெல்லாம் வேணாம்."

"சார், அந்த ஒரு வரி போட்டா மத்ததெல்லாம் செத்துடும். வெயில் அடிக்குதுன்னு சொன்னாலே உங்க நற்பெயருக்குக் குந்தகம்தான். எதைச் சொன்னா தப்புன்னு படிக்கிறவனுக்குத் தெரியணும். தெரியலைன்னா அவன் எதையுமே சொல்ல மாட்டான்."

"நல்லதுதானே?"

இந்த ஆளிடம் நான் என்ன பேசுவது? பல்லைக் கடித்துக்கொண்டு முதலீட்டாளர் பெயரை மறுபடி இழுத்தேன். அந்த மாதம் அவர் பெயரைச் சொன்ன அளவுக்கு நான் சாமி பெயரைக்கூடச் சொல்லவில்லை. அந்த வரி போனது. முதலீட்டாளரின் ஆட்களும் வரைவைப் பார்த்துவிட்டுப் பாராட்டி எழுதினார்கள். எம்.டி. கையெழுத்துப் போட்டார்.

இதற்கு நடுவில்தான் அவளுக்கு ஷோகாஸ் நோட்டீஸ் போனது, எனக்குத் தெரியாமல். ஏன் உன் மேல் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று விளக்கம் கேட்கும் கடிதம். வக்கீலின் மூளை அபாரமாக வேலை செய்திருந்தது. தனி ஆளாகப் பேசியிருந்தால் அது அவள் பாடு. ஆனால் அவளுடைய புகைப்படத்தைச் சுற்றி எங்கள் கம்பெனியின் லோகோ வளையம் போட்டிருந்தது, பெயருக்குக் கீழே கம்பெனியின் பெயரும் இருந்தது. ஆகவே அவள் கம்பெனியின் பெயரால், அனுமதி இல்லாமல், பொதுவெளியில் பேசியிருக்கிறாள். பாலிசியே வேண்டாம், லோகோவைத் தவறாகப் பயன்படுத்தியதே போதுமாம்.

படித்ததும் எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அந்த வளையத்தை அவளாகவா போட்டாள்? கம்பெனி ஆண்டுவிழாவுக்கு மார்க்கெட்டிங்கிலிருந்து எல்லோருக்கும் உத்தரவு வந்தது. ஊழியர் அனைவரும் தங்கள் சொந்தக் கணக்குகளில் லோகோ வளையம் போட வேண்டும், கம்பெனியின் பெயரைச் சேர்க்க வேண்டும், போட்டதை மேனேஜருக்கு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்ப வேண்டும். போடாதவர்களைக் காலைக் கூட்டத்தில் எழுப்பி நிற்க வைத்தார்கள். டெல்லியின் கிளைகள் முழுக்க எல்லோர் முகத்தையும் சுற்றி நீல வளையம். என் முகத்தைச் சுற்றியும்தான். எடுக்கச் சொல்லி உத்தரவு வராததால் யாரும் எடுக்கவில்லை.

விசாரணை நாளன்று அந்த உத்தரவை மேஜையில் வைத்தேன். கூடவே என் கணக்கின் படத்தையும், எம்.டி.யின் மனைவி எங்கள் ஊர்ச் சாலைப் பள்ளங்களைத் திட்டி எழுதிய பதிவையும் வைத்தேன். அவர் பெயரளவுக்கு எங்கள் டைரக்டர், அவர் படத்தைச் சுற்றியும் வளையம். "இதுவும் கம்பெனியோட கருத்தா சார்?" என்று கேட்டேன். வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அவசியமே இல்லாமல் ரொம்ப நேரம்.

நோட்டீஸ் வாபஸ் ஆனது. கம்பெனி போடச் சொன்ன அடையாளம் ஒருவர் கணக்கில் இருப்பதாலேயே அவர் பேச்சு கம்பெனியின் பேச்சாகாது என்று பாலிசியில் ஒரு வரி சேர்த்தேன். பாலிசி ஆப்பில் ஏறியது. எல்லோரையும் வளையத்தை எடுக்கச் சொன்னோம். நோயாளிக் கூடத்தின் ஒரு மூலையில் ரத்தம் எடுப்பவர்களுக்கு நாலு நாற்காலியும் ஒரு கூலரும் வந்தன, அதை எம்.டி. வீடியோ எடுத்துப் போட்டார். அவள் என் அறைக்கு வந்து, "தேங்க்யூ மேடம், வேலை போச்சுன்னே நெனச்சேன்," என்றாள். எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய்ப் பாயசம் வைத்தேன் என்றால் எவ்வளவு அசடாக இருந்திருக்கிறேன் பாருங்கள்.

பங்கு விற்பனை முடிந்தது. மழைக்காலம்கூட முடியவில்லை, அதற்குள் ஆபரேஷன்ஸிலிருந்து ஒரு மாற்றல் பட்டியல் என் கையெழுத்துக்கு வந்தது. அவளுக்குச் சோனிபட் கிளை. ஹரியானாவுக்குப் போய்வரவே அரைநாள் ஆகும். அவள் மகனை யார் பள்ளியிலிருந்து கூட்டிவருவது? அவளோடு இன்னும் மூன்று பேரின் பெயர்களும் இருந்தன.

நேராக எம்.டி. அறைக்குப் போனேன்.

"இது பழிவாங்கறது சார். பாலிசியில கூடாதுன்னு எழுதியிருக்கோம். நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

அவர் கோபப்படவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. "மேடம், உங்க பாலிசி அருமையான பாலிசி. அவ வீடியோ இன்னும் அப்படியேதானே இருக்கு? நான் எடுக்கச் சொன்னேனா? இது ஆள் பற்றாக்குறை. எங்க வேணா மாத்தலாம்னு எல்லார் அப்பாயின்ட்மென்ட் லெட்டர்லயும் இருக்கு. அவ ஒருத்திய மட்டுமா மாத்தினேன்?"

"மத்த மூணு பேர் எதுக்கு?"

அவர் ஃபோனை எடுத்துக்கொண்டார். நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். "பரவாயில்ல, சிரமப்படாதீங்க," என்றார். ஆபரேஷன்ஸ் தலைவர் போட்டார். மற்ற மூவரும் தீபாவளிக்கு முன்பே பழைய கிளைகளுக்குத் திரும்பிவிட்டார்கள். அவள் ஒரு வாரம்கூடச் சோனிபட் போகவில்லை, ராஜினாமா எழுதிக் கொடுத்தாள். மாற்றல் பழிவாங்கல்தான் என்று புகார் எழுதித் தருகிறேன், லேபர் ஆபீசுக்குப் போகலாம், நானே சாட்சி சொல்கிறேன் என்றேன்.

"எத்தனை வருஷம் ஆகும் மேடம்?"

நான் டிராயரிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேஜையில் வைத்தேன்.

"விடுங்க. வேற லேப்ல எங்க போனாலும் கூகுள் பண்ணிப் பார்ப்பாங்க. இதுல கேஸ் வேறன்னா அச்சாதான், சுத்தமா வேலை கெடைக்காது." எழுந்தவள் கதவருகே நின்றாள். "நீங்க எழுதினது நல்லாத்தான் இருந்துச்சு மேடம். எங்க குரூப்ல எல்லாரும் படிச்சாங்க. அதைப் படிச்சிட்டு என்னையும் பார்த்தாங்க."

அவளை வழியனுப்ப யாரும் கேக் வாங்கவில்லை. பெட்டியையும் யூனிஃபார்மையும் ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் அங்கேயேதான் இருக்கிறேன். சண்டை போட்டவள் என்ற பெருமையும் எனக்கு வேண்டியிருக்கிறது, மாதச் சம்பளமும் வேண்டியிருக்கிறது. இதை நாசூக்காகச் சொல்ல எனக்கு வரவில்லை.

அடுத்த கோடையில் கூலர் இன்னொரு கிளைக்குப் போனது. நாற்காலிகள் எங்கே போயின என்று தெரியவில்லை. ஒரு நாள் நான் கிளைக்குப் போனபோது அதே தூணடியில் ஆட்கள். ஒருவர் முந்தைய நாள் ஸ்கூட்டரை ஓரங்கட்டி நிறுத்தும்போதே மயங்கி விழுந்தாராம். அவர் முழங்கையில் கட்டு.

"என்கிட்ட ஏன் சொல்லல? எழுதக்கூட உங்களுக்கு உரிமை இருக்கே, பாலிசியில இருக்கே," என்றேன் இந்தியில்.

"ஆமா மேடம்ஜி, இருக்கு," என்று பணிவாகச் சொல்லிவிட்டு அவர் நிழலோடு நகர்ந்து உட்கார்ந்தார்.

மறுநாளே எம்.டி.யிடம் போய்க் கத்திவிட்டு வந்தேன். கூலர் வருகிறது என்றார்கள். இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

அந்த வருஷக் கடைசியில் ஹெச்.ஆர்.காரர்கள் கூடும் ஒரு மாநாட்டுக்கு எங்கள் பாலிசியை முன்மாதிரி என்று தேர்ந்தெடுத்து, என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். எம்.டி.யே பெயர் கொடுத்திருந்தார், முன் வரிசையில் வந்தும் உட்கார்ந்தார். கம்பெனியையும் காத்து, ஊழியர் வாயையும் அடைக்காமல் எப்படி எழுதுவது என்பதுதான் தலைப்பு. ஒவ்வொரு பகுதியாக விளக்கினேன். கடைசியில் ஒருவர் எழுந்து கேட்டார், ஊழியர்களுக்கு இவ்வளவு சுதந்திரம் கொடுத்திருக்கிறீர்களே, பாலிசி வந்த பிறகு கம்பெனியைப் பற்றி எத்தனை பேர் எழுதினார்கள் என்று.

நான் எம்.டி.யைப் பார்த்தேன். பிறகு மைக்கை நெருங்கி, உள்ளதைச் சொன்னேன்.

"ஒருத்தர்கூட எழுதவில்லை."

மண்டபமே கைதட்டியது.